இரவின் இரண்டு பாதிகள்

ஒன்பது மணிக்குத் தூங்கப்போன ஐந்து வயதுக் குழந்தை பத்தரை மணிக்கு வீறிட்டு அலறி எழுந்து உட்காருகிறது. கண் திறந்திருக்கிறது, உடம்பெல்லாம் வியர்த்திருக்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அம்மா அள்ளி அணைத்தால் அவளையே யாரென்று தெரியாமல் தள்ளிவிடுகிறது. பத்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி படுத்துத் தூங்கியும் விடுகிறது. காலையில் கேட்டால் எதுவும் நினைவில்லை. அடுத்த வீட்டில் அதே வயதுக் குழந்தை விடிகாலை நாலரை மணிக்கு அழுதுகொண்டே அம்மாவைத் தேடி வருகிறது. கறுப்பு நாய் துரத்தியது, ஓட ஓடக் கால் நகரவே இல்லை என்று ஒன்று விடாமல் சொல்கிறது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அழுகை அடங்குகிறது.

இரண்டு வீட்டிலும் ‘ஏதோ கெட்ட கனவு’ என்றுதான் பேசிக்கொள்வார்கள். ஆனால் முதல் குழந்தைக்கு நேர்ந்தது கனவோடு தொடர்பில்லாத வேறொன்று. அது பத்தரை மணிக்கு வந்ததும், இரண்டாவது குழந்தையின் நாய் நாலரை மணிக்கு வந்ததும் தற்செயல் அல்ல. இரவின் முற்பாதியில் மூளை செய்யும் வேலை ஒன்று, பிற்பாதியில் செய்யும் வேலை வேறு. எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, ஒரே ஒரு இரவை எடுத்துக்கொண்டு நிமிடக் கணக்கில் பார்ப்பதுதான் நல்ல வழி.

அப்படிப் பார்ப்பதற்கென்றே மருத்துவமனைகளில் ஓர் அறை இருக்கிறது. அங்கே செய்யும் சோதனையை ‘ஸ்லீப் ஸ்டடி’ என்கிறார்கள். தலையில் பசை தடவிச் சில மின்முனைகள் ஒட்டப்படும். இரண்டு கண்களின் ஓரத்திலும், தாடைக்குக் கீழேயும் ஒட்டுவார்கள். மூளையின் மின்னலைகள், விழியின் அசைவு, தாடைத் தசையின் விறைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் தூக்கத்தின் நிலையைச் சொல்ல முடியும். மூளை அலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஏன் என்பது சற்றுப் பின்னால் தெரியும்.

மறுநாள் காலையில் ஒரு தொழில்நுட்பர் அந்தப் பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலையைக் குறிப்பார். எட்டு மணி நேரப் பதிவு என்றால் 960 துண்டுகள். 30 விநாடி என்ற அளவு காகிதக் காலத்து மிச்சம். அன்றைய கருவியில் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் காகிதம் ஓடியது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தாளில் சரியாக 30 விநாடி அடங்கியது. இன்று எல்லாம் கணினித் திரையில்தான், ஆனாலும் கணக்கு மாறவில்லை. குறித்து முடித்ததும் இரவு முழுவதையும் காட்டும் ஒரு வரைபடம் கிடைக்கும். அதற்கு ஹிப்னோகிராம் என்று பெயர்.

நோய்நொடி இல்லாத 25 வயதுப் பெண் ஒருத்தியின் ஹிப்னோகிராமை எடுத்துக்கொள்வோம். இது எந்தத் தனிநபருடைய பதிவும் அல்ல. அந்த வயதில் நன்றாகத் தூங்கும் ஒருவருக்குப் பொதுவாக எப்படி அமையுமோ அப்படி அமைத்துக்கொண்டது. இரவு 10.30 மணிக்கு விளக்கை அணைத்துக் கண்ணை மூடுகிறாள்.

கண்ணை மூடியதும் தலையின் பின்புறத்தில் விநாடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் சீரான அலைகள் தோன்றுகின்றன. இவை ஆல்ஃபா அலைகள். விழித்திருந்தபடியே ஓய்வாக இருக்கும் மூளையின் அடையாளம். 10.42 மணிக்கு அவை கலைகின்றன. அந்த இடத்தில் இன்னும் மெதுவான, ஒழுங்கற்ற சிறிய அலைகள் வருகின்றன. விழிகள் இமைக்குள் இடமும் வலமுமாக மெல்ல உருள்கின்றன. இது முதல் நிலை. படுத்த கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து விழுவதாகத் தோன்றி, கால் வெடுக்கென்று உதறுமே, அது நடப்பது இந்த வாசலில்தான். இந்த நிலையில் அவளை எழுப்பினால் ‘நான் எங்கே தூங்கினேன்? முழிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்’ என்பாள். டிவி முன்னால் குறட்டை விட்டபடியே, சேனலை மாற்றினால் ‘பாத்துக்கிட்டுதான் இருக்கேன்’ என்று சொல்லும் தாத்தா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது.

ஐந்து நிமிடத்தில் இரண்டாம் நிலை. இரவு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழப் பாதி நேரம் இதிலேயே கழிகிறது. ஆனாலும் பொதுப் பேச்சில் இதை யாரும் மதிப்பதில்லை. பதிவில் இதற்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று ‘ஸ்பிண்டில்’ எனப்படும் அலைக்கொத்து. விநாடிக்கு 11 முதல் 16 முறை துடிக்கும் அலைகள் அரை விநாடிக்கும் மேலாகத் தொடர்ந்து, நூல் சுற்றிய கதிரைப் போல நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கி மறையும். இன்னொன்று ‘கே காம்ப்ளெக்ஸ்’: திடீரென்று எழும் ஒற்றைப் பெரிய அலை. ஸ்பிண்டில்களை உண்டாக்குவது மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் என்னும் பகுதி. காதும் தோலும் அனுப்பும் செய்திகள் மூளையின் மேற்பரப்புக்குப் போவது தாலமஸ் வழியாகத்தான். ஸ்பிண்டில் ஓடும் நேரத்தில் அந்தப் போக்குவரத்து குறைகிறது. தெருவில் ஆட்டோ போகும் சத்தம் காதில் விழுந்தும் அவள் விழிக்காமல் இருப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

11.02 மணிக்கு மூன்றாம் நிலை தொடங்குகிறது. ஆழ்ந்த தூக்கம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஒன்று அல்லது இரண்டு விநாடிக்கு ஒருமுறை பெரிய பெரிய அலைகள் மெதுவாக எழுந்து அடங்குகின்றன. ஒவ்வோர் அலையிலும் நடப்பதைச் செல் அளவில் பார்த்தால் வியப்பாக இருக்கும். மூளை மேற்பரப்பிலுள்ள பெருந்திரளான நரம்புச் செல்கள் ஒரே நேரத்தில் செயல்படுகின்றன, பிறகு ஒரே நேரத்தில் மொத்தமாக அமைதியாகின்றன, மறுபடி செயல்படுகின்றன. விழித்திருக்கும்போது இந்தச் செல்கள் ஒருபோதும் இப்படிக் கூட்டாக நிற்பதில்லை. அவ்வப்போது எல்லாம் ஓய்ந்துவிடுவதால் மூளையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு தொடர்ந்து பேச முடியாது. இந்த நேரத்தில் இதயத்துடிப்பு குறைகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, மூச்சு ஒரே சீராக ஓடுகிறது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு நாளில் மிக அதிகமாகச் சுரப்பது, தூங்கத் தொடங்கியதும் வரும் இந்த முதல் ஆழ்தூக்கத்தில்தான். இப்போது அவளை எழுப்புவது கடினம். எழுப்பிவிட்டாலும் ஐந்து பத்து நிமிடம் எங்கே இருக்கிறோம், என்ன மணி என்று புரியாமல் தடுமாறுவாள்.

11.40 மணிக்கு அவள் புரண்டு படுக்கிறாள். அலைகள் சுருங்கி இரண்டாம் நிலைக்கு வருகின்றன. வந்த வழியே திரும்பி, அடுத்ததாக விழித்துக்கொள்வாள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 11.52 மணிக்கு நடப்பது வேறு. மூளை அலைகள் விழித்திருப்பவருடையதைப் போல வேகமாகவும் சிறியதாகவும் ஆகின்றன. மூடிய இமைக்குள் விழிகள் விசுக் விசுக்கென்று பாய்கின்றன. ஆனால் தாடைத் தசையின் விறைப்பு இரவிலேயே மிகத் தாழ்ந்த அளவுக்கு விழுந்துவிடுகிறது. விழிகள் விரைந்து அசையும் இந்தத் தூக்கத்துக்கு ரெம் என்று பெயர். மூளை அலையை மட்டும் பார்த்தால் இதை விழிப்பு என்றே நினைத்துவிடலாம். விழியையும் தாடையையும் சேர்த்துப் பதிவு செய்வது இதற்காகத்தான்.

இவ்வளவு வெளிப்படையான ஒன்றை 1950கள் வரை யாரும் கவனிக்கவில்லை. தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் முன்னிரவில் ஆழ்தூக்கத்தைப் பார்த்ததும், மிச்ச இரவும் இப்படியேதான் போகும் என்று கருவியை நிறுத்திவிடுவார்கள். காகிதமும் விலை அதிகம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியல் கிளைட்மனிடம் ஆய்வு மாணவராக இருந்த யூஜீன் அசெரின்ஸ்கி, தன் எட்டு வயது மகன் ஆர்மண்டின் முகத்தில் மின்முனைகளை ஒட்டி இரவு முழுக்கப் பதிவு செய்தார். பையன் தூங்கிக்கொண்டிருக்க, எழுதுகோல்கள் திடீரென்று விழித்திருக்கும் ஒருவருடைய கண்ணசைவை வரையத் தொடங்கின. கருவி பழையது, பழுதாகிவிட்டது என்றே முதலில் நினைத்தார். போய்ப் பார்த்தால் பையன் அயர்ந்து தூங்குகிறான். மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்த பிறகு 1953இல் அவரும் கிளைட்மனும் முடிவை வெளியிட்டார்கள். 1957இல் வில்லியம் டிமெண்டும் கிளைட்மனும், ரெம் நேரத்தில் எழுப்பினால் ஐந்தில் நான்கு முறை கனவை விவரமாகச் சொல்கிறார்கள் என்று காட்டினார்கள். மற்ற நிலைகளில் கனவே இல்லை என்பது இதற்குப் பொருளல்ல. அங்கும் வரும், ஆனால் பெரும்பாலும் துண்டு துக்காணியான எண்ணங்களாக வரும். கதையும் காட்சியும் கோபமும் பயமும் கலந்த நீளமான கனவுகளுக்கு ரெம்மே முதன்மையான இடம்.

தசைகள் ஏன் ஓய்கின்றன என்பதை பிரான்சின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே பூனைகளைக் கொண்டு கண்டுபிடித்தார். மூளைத்தண்டின் ‘பான்ஸ்’ என்னும் பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு ஒரு கட்டளை போய், கை கால்களை இயக்கும் நரம்புச் செல்களை அடக்கிவைக்கிறது. அந்தக் கட்டளை கிளம்பும் இடத்தை அவர் சேதப்படுத்தியபோது, பூனைகள் ரெம் தூக்கத்தில் இருந்தபடியே எழுந்து, இல்லாத இரையின் மேல் பாய்ந்தன. நம் எல்லோருக்கும் ஒவ்வொரு இரவும் இந்த முடக்கம் நேர்கிறது. விழியைச் சுழற்றும் தசைகளும், மூச்சை இழுக்கும் உதரவிதானமும் மட்டும் அதிலிருந்து தப்புகின்றன.

நம் பெண்ணுக்கு இந்த முதல் ரெம் ஐந்தே நிமிடம். 11.57 மணிக்கு முடிந்துவிடுகிறது. முதல் நிலையில் நுழைந்ததிலிருந்து இதுவரை ஒரு சுற்று: 75 நிமிடம்.

இரண்டாம் சுற்று 1.37 மணி வரை போகிறது. இதில் ஆழ்தூக்கம் 30 நிமிடம், ரெம் 17 நிமிடம். மூன்றாம் சுற்றில் ஆழ்தூக்கம் 10 நிமிடமாகத் தேய்கிறது, ரெம் 22 நிமிடமாகிறது. மணி 3.10. இதற்குப் பிறகு விடியும் வரை மூன்றாம் நிலை இல்லவே இல்லை. நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் இரண்டாம் நிலையும் ரெம்மும் மட்டுமே மாறி மாறி வருகின்றன. நான்காவதில் ரெம் 30 நிமிடம். ஐந்தாவதில் 35 நிமிடம். அது முடியும் 6.10 மணிக்கு அவள் தானாகவே விழிக்கிறாள். இடையில் சுற்றுகளின் எல்லையில் சில விநாடிகள் முழுதாகவே விழித்திருப்பாள். தலையணையைத் திருப்பிப் போட்டிருப்பாள், போர்வையை இழுத்துவிட்டிருப்பாள். ஒன்றும் நினைவிருக்காது.

கூட்டிப் பார்த்தால் ஆழ்தூக்கம் மொத்தம் 78 நிமிடம். அதில் 68 நிமிடம் முதல் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ரெம் மொத்தம் 109 நிமிடம். அதில் 65 நிமிடம் கடைசி இரண்டு மணி நேரத்தில் வந்தது.

இந்தச் சரிவுக்குக் காரணம், இரவை இரண்டு வேறு விசைகள் நடத்துவதுதான். 1982இல் சூரிச் நகர ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெய் இந்த விளக்கத்தை முன்வைத்தார். முதல் விசை, விழித்திருக்கும் நேரமெல்லாம் சேரும் தூக்க அழுத்தம். மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தூக்க அழுத்தத்தை ஏற்றும் பொருள்களில் முக்கியமானது இது. அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வலுவாக ஆழ்தூக்க அலைகள் எழும். எழ எழ அழுத்தம் இறங்கும். 10.30 மணிக்கு அழுத்தம் உச்சத்தில் இருந்தது, அதனால் முதல் சுற்றில் 38 நிமிடம். மூன்று மணிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, அதனால் பிறகு இல்லை. காபியின் வேலையும் இங்கேதான். காஃபின் அடினோசினைக் குறைப்பதில்லை. அது செல்லில் போய் அமரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. ‘காபி குடிச்சாலும் எனக்குத் தூக்கம் வரும்’ என்று சொல்பவர்கள் பலர். தூக்கம் வரலாம், ஆனால் அவர்களுடைய ஆழ்தூக்க அலைகள் வலுக்குறைந்திருக்கும். அது படுத்திருப்பவருக்குத் தெரியாது, பதிவில்தான் தெரியும்.

இரண்டாவது விசை கடிகாரம். இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு சிறு செல் கூட்டம், ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை உடலின் தாளத்தைச் சுழற்றுகிறது. உடல் வெப்பம் மாலையில் ஏறி, இரவில் இறங்கி, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பு மிகத் தாழ்ந்த புள்ளியைத் தொடுகிறது. இந்தப் பெண்ணுக்கு அது விடிகாலை நான்கு மணி வாக்கில். ரெம் அந்தப் புள்ளியை அடுத்த சில மணி நேரத்தில்தான் மிக எளிதாக வருகிறது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் அது அந்த வேளையை ஒட்டியே நிற்கப் பார்க்கும். இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்குப் படுப்பவருக்கு ரெம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிடுவதும், வெப்பம் ஏற ஏறக் கடிகாரம் அவரை எழுப்பிவிடுவதால் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் தூங்க முடியாமல் போவதும் இதனால்தான். அவரிடம் ‘பகலில் நன்றாகத் தூங்கிக்கொள்ள வேண்டியதுதானே’ என்று வீட்டார் சொல்வது நியாயமே இல்லை.

சரி, ஒரு சுற்றுக்குள் ரெம் வருவதும் போவதும் எப்படி? 1975இல் ராபர்ட் மெக்கார்லியும் ஆலன் ஹாப்சனும் தந்த விளக்கத்தின் அடிப்படை இன்றும் நிற்கிறது. மூளைத்தண்டில் இரண்டு செல் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எதிராக இயங்குகின்றன. ஒரு கூட்டம் நார்அட்ரினலினையும் செரடோனினையும் வெளியிடுகிறது. விழிப்பில் சுறுசுறுப்பாக இருக்கும் இது, தூக்கம் ஆழமாக ஆக மெதுவாகி, ரெம்மில் முழுவதும் நின்றுபோகிறது. அது செயல்படும் வரை ரெம்மை உண்டாக்கும் மற்றக் கூட்டத்தை அடக்கிவைக்கிறது. அது ஓய்ந்ததும் இது எழுகிறது. கொஞ்ச நேரத்தில் அது மீண்டும் தலைதூக்கி ரெம்மை முடித்துவைக்கிறது. இந்த மாற்றம் ஏன் மனிதருக்கு 90 நிமிடத்தை ஒட்டி நடக்கிறது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. 90 என்பதும் சராசரிதான். ஒரே ஆளுக்கு ஒரே இரவில் ஒரு சுற்று 70 நிமிடமாகவும் இன்னொன்று 120 நிமிடமாகவும் இருக்கும். நம் பெண்ணின் முதல் சுற்று 75, இரண்டாவது 100. ஆகவே 90இன் மடங்கில் அலாரம் வைத்தால் சுற்று முடியும் இடத்தில் விழிக்கலாம் என்று சொல்லும் செல்பேசிக் கணக்குகளை நான் நம்பச் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று சுற்றுகளிலேயே அந்தக் கணக்கு பிசகிவிடலாம்.

இப்போது அந்த இரண்டு குழந்தைகளுக்கு வருவோம். பத்தரை மணிக்கு அலறிய குழந்தை முதல் ஆழ்தூக்கத்திலிருந்து வெளிவரும் தறுவாயில் இருந்தது. மூளையின் ஒரு பகுதி விழித்துவிட்டது, மற்றப் பகுதிகளில் ஆழ்தூக்க அலைகள் இன்னும் ஓடுகின்றன. கண் திறந்திருக்கிறது, குரல் வருகிறது, கால் நடக்கிறது. ஆனால் அம்மாவை அடையாளம் காண வேண்டிய பகுதியும், நடப்பதை நினைவில் வைக்க வேண்டிய பகுதியும் தூங்குகின்றன. தூக்கத்தில் நடப்பதும் இதே வகைதான். குழந்தைகளுக்கு ஆழ்தூக்கம் மிக வலுவாக இருப்பதால் அவர்களுக்கே இது அதிகம் வரும். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். உலுக்கி எழுப்பினால் குழப்பம்தான் கூடும். கீழே விழாமல், மாடிப்படிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு, அடங்கும் வரை பக்கத்தில் இருந்தால் போதும். நாலரை மணிக்கு வந்த குழந்தை ரெம்மிலிருந்து முழுதாக விழித்தது. அதனால்தான் நாயின் நிறம் வரை சொல்ல முடிந்தது, அணைத்ததும் ஆறுதல் கிடைத்தது.

விடிகாலைக்கே உரிய வேறு சிலவும் உண்டு. கண் விழித்துவிட்டது, ஆனால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊர்களில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். ரெம்மின் தசை முடக்கம் கலைவதற்கு முன்பே மூளை விழித்துவிட்ட நிலை இது. நெஞ்சுத் தசைகள் ஓய்ந்திருக்க உதரவிதானம் மட்டும் மூச்சை இழுப்பதால் பாரம் ஏறியதாகத் தோன்றுகிறது. அறையில் தெரியும் உருவம் கலையாத கனவின் மிச்சம். ஓரிரு நிமிடத்தில் தானாக விலகிவிடும். தூக்கம் குறைந்த நாள்களிலும், மல்லாந்து படுத்திருக்கும்போதும் இது கூடுதலாக வருகிறது.

குறட்டை விட்டு இடையில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கும் பலருக்கு விடிகாலையே மோசமான நேரம். தொண்டைக் குழாயைத் திறந்து வைக்கும் தசைகளும் ரெம்மில் தளர்வதால், தடை நீண்டு ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுதலாக இறங்குகிறது. இரவு 11 மணிக்குக் கணவர் நன்றாகத்தான் மூச்சு விடுகிறார் என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுக்கும் மனைவி, உண்மையில் பார்க்க வேண்டியது நான்கு மணிக்கு.

இன்னொன்று இதைவிடக் கவனம் வேண்டுவது. அறுபது வயதைத் தாண்டிய ஆண் ஒருவர், அமைதியான சுபாவம் உள்ளவர், சில மாதங்களாக விடிகாலையில் படுக்கையில் கத்துகிறார், குத்துகிறார், உதைக்கிறார். எழுப்பினால் உடனே தெளிந்து, ‘திருடன் வந்தான், அடிச்சேன்’ என்கிறார். ஜூவேயின் பூனைகளுக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்திருக்கலாம்: ரெம்மில் வர வேண்டிய தசை முடக்கம் வரவில்லை. மனிதர்களில் இதைத் தனி நோயாக 1986இல் விவரித்தவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த கார்லஸ் ஷென்க், மார்க் மஹோவால்ட் ஆகிய மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும். வேறு காரணம் இல்லாமல் இப்படி வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் நோயோ அதைச் சார்ந்த மறதி நோயோ வருவதாகத் தொடர்ந்து கவனித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மூளைத்தண்டில் பாதிப்பு அவ்வளவு முன்பே தொடங்கிவிடுகிறது. வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்லீப் ஸ்டடியில் ரெம் நேரத்தில் தாடைத் தசை விறைப்போடு இருப்பது பதிவானால் நோய் உறுதியாகும். சில மனச்சோர்வு மாத்திரைகளும் இதே தொல்லையைத் தூண்டும் என்பதால், சாப்பிடும் மருந்துகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோவது அவசியம்.

தூக்கத்தைச் சுருக்குகிறவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதையும் அதே ஹிப்னோகிராமில் கணக்குப் பார்க்கலாம். நம் பெண் முதல் பஸ்ஸைப் பிடிக்க 4.30 மணிக்கு அலாரம் வைக்கிறாள் என்று கொள்வோம். போனது 100 நிமிடம். மொத்தத் தூக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் ஆழ்தூக்கத்தில் ஒரு நிமிடமும் போகவில்லை. ரெம்மிலோ 109 நிமிடத்தில் 45 போய்விட்டது, ஐந்தில் இரண்டு பங்கு. காலையில் விட்டுக்கொடுக்காமல் இரவில் தாமதமாகப் படுத்தால்? அப்போதும் மூளை ஆழ்தூக்கத்தையே முதலில் எடுத்துக்கொள்ளும். குறைவது பெரும்பாலும் இரண்டாம் நிலையும் ரெம்மும்தான். பல நாள் தூக்கம் கெட்ட பிறகு நிம்மதியாகத் தூங்கக் கிடைக்கும் முதல் இரவிலும் ஆழ்தூக்கம்தான் முதலில் கூடுகிறது. ரெம்மின் கடன் அடுத்த இரவுகளில் தீரும். மது குடித்துவிட்டுப் படுத்தால் முற்பாதியில் ரெம் அமுக்கப்படுகிறது. உடல் அதைக் கழித்து வெளியேற்றிய பிறகு, பிற்பாதியில் அடிக்கடி விழிப்பும் தெளிவான கெட்ட கனவுகளுமாகத் தூக்கம் உடைகிறது. ‘ரெண்டு போட்டா நல்லாத் தூக்கம் வருது’ என்பவர் இரவின் முற்பாதியை மட்டும் வைத்துப் பேசுகிறார்.

கடைசியாக, கையில் கட்டும் கடிகாரங்கள். நேற்று இரவு ஆழ்தூக்கம் 42 நிமிடம்தான் என்று அது காட்டியதைப் பார்த்துக் கலங்கி மருத்துவரிடம் போகிறவர்கள் இப்போது அதிகம். அந்தக் கடிகாரத்துக்கு மூளை அலை தெரியாது, விழியசைவு தெரியாது, தாடை தெரியாது. மணிக்கட்டின் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து நிலையை ஊகிக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கினோம், மொத்தம் எவ்வளவு நேரம் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும்; அசையாமல் விழித்துக் கிடந்த நேரத்தையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிடும். நிலைகளைப் பிரிப்பதில் அதன் தவறு கணிசமானது. பயிற்சி பெற்ற இரண்டு தொழில்நுட்பர்கள், எல்லா மின்முனைகளும் உள்ள ஒரே பதிவைத் தனித்தனியே குறித்தாலும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு துண்டில் கருத்து வேறுபடுகிறார்கள். மேலும் ஆழ்தூக்கம் வயதோடு குறைவது இயல்பு. இருபதுகளில் இருந்த அளவில் ஒரு சிறு பங்குகூட எழுபதுகளில் சிலருக்கு இருக்காது, ஆண்களுக்கு இன்னும் குறைவு. 65 வயதுக்காரரின் 42 நிமிடம் உண்மையாகவே இருந்தாலும் அது நோய் அல்ல. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா, வண்டி ஓட்டும்போது தலை சாய்கிறதா, இரவில் மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுத்திருப்பவர் பார்த்தாரா என்பவற்றைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.